ஒன்றேகால் மணி நேரப் பேட்டியிலிருந்து ஏழு ஸ்லைட் வரிகள்: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் ஊர் மட்டக்களப்பு – கல்முனை வீதியோரக் கிராமம். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை நேரில் கண்டவர்களின் பேட்டிகளை எங்கள் வாசிகசாலைக் குழு ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறது. அதில் ஒரு ஆச்சி 72 நிமிடம் பேசினார். அவ்வளவையும் இருந்து கேட்கும் பொறுமை பலருக்கு இருக்காது. நினைவு நாளுக்கு நல்ல வரிகளாகச் சிலதை எடுத்து ஸ்லைட்டாகப் போடுவோம் என்று முடிவாகி, வேலை என் தலையில் விழுந்தது.

டிரான்ஸ்கிரிப்டை போனில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணில் பட்ட முதல் சூடான வரியை எடுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் போட்டேன்: "கடவுள்தான் தண்டிச்சார்." அன்று பின்னேரமே ஆச்சியின் மகள் போன் எடுத்தார். "அம்மா அப்பிடிச் சொல்லவே இல்லையே தம்பி." நான் டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். சொல்லியிருக்கிறார். ஆனால் முழுதாகச் சொன்னது இது:

> "கடவுள்தான் தண்டிச்சார் எண்டு கோயிலடியில சொன்னாங்க. நான் அப்பிடி நினைக்கல்ல. காத்துக்கு ஆரு நல்லவன், ஆரு கெட்டவன்?"

அவர் மறுத்த கருத்தை அவர் படத்தோடு சேர்த்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன். மூன்றாவது வாக்கியம்தான் அந்தப் பேட்டியிலேயே மிகச் சிறந்த வரி. அது என் கண்ணில் படவே இல்லை. ஸ்லைட்டை அழித்துவிட்டு, நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை செய்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நாலு சாமான் வேண்டும். வெட்டாத முழு ஒலிப்பதிவு, நேரம் குறித்த டிரான்ஸ்கிரிப்ட், பேசியவரின் சம்மதம், ஒரு கொப்பி அல்லது கணினியில் ஒரு அட்டவணை.

டிரான்ஸ்கிரிப்டில் நேரம் குறித்திருக்க வேண்டும் என்பதை டைப்செட்டிங்குக்குக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தேவையில்லை. கேள்வி மாறும் இடத்திலும், ஒரே பதில் நீண்டு போனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையும் 00:41:17 என்பதுபோலப் போட்டிருந்தால் போதும். நேரம் இல்லாத டிரான்ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சரிபார்க்க முழு ஒலிப்பதிவையும் தேடி அலைய வேண்டி வரும். கூலி பக்கக் கணக்கா நிமிடக் கணக்கா என்றும் முதலே பேசிக்கொள்ளுங்கள். பக்கக் கணக்கென்றால் எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே பேட்டி நாற்பது பக்கமாக வீங்கி வரும்.

எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு பொறி பாமினி எழுத்துரு. பல கடைகளில் இன்னும் பாமினியில்தான் அடித்துக் கொடுக்கிறார்கள். அவர்களின் கணினியில் அழகாகத் தெரியும். அதை நீங்கள் கேன்வாவிலோ போனிலோ ஒட்டினால் `jkpo;` என்று வந்து நிற்கும். அது "தமிழ்" என்ற சொல்தான். பாமினி தமிழை ஆங்கில விசைகளாகவே சேமித்து வைக்கிறது. யூனிகோடாக மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். "யூனிகோடில்தான் வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இந்த வேலையே இல்லை.

சம்மதம் பற்றி ஒரு விசயம். பேட்டி கொடுக்கச் சம்மதித்தவர் ஸ்லைட்டுக்கும் சம்மதித்தார் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நடுவில் சொல்லும் வாக்கியம் வேறு; அதே வாக்கியம் படத்தோடு தனியாக ஊரெல்லாம் சுற்றுவது வேறு. பெயர் போடலாமா, படம் போடலாமா, போடுமுன் வரிகளைக் காட்ட வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை அதே ஒலிப்பதிவின் கடைசியில் பதிந்து வையுங்கள். கடதாசியில் கையெழுத்துக் கேட்டால் முதியவர்கள் பயந்துவிடுவார்கள். குரலில் "ஓம், போடுங்க" என்பது தயங்காமல் வரும்.

பேட்டி உங்களுடையதல்ல, வேறொருவரின் போட்காஸ்ட் என்றால், அதை நடத்தியவரிடமும் கேளுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முழுப் பேட்டியின் இணைப்பைச் சேர்த்துப் போடு என்பது மட்டும்தான் அவர்கள் நிபந்தனை.

## 2. முதல் வாசிப்பு காதால்

டிரான்ஸ்கிரிப்டைப் பிரின்ட் எடுங்கள். எனக்கு 26 பக்கம் வந்தது. ஹைலைட்டரையும் சேர்த்து ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. இந்த முழு வேலையிலும் நான் கொடுத்த காசில் அதுதான் மிகப் பயன்பட்டது. போன் திரையில் படித்தால் மனம் சூடான வரியைத்தான் தேடும். முன்னால் என்ன, பின்னால் என்ன என்பது திரைக்கு வெளியே போய்விடும். என் முதல் தவறு அப்படித்தான் நடந்தது.

கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவை முழுவதும் கேளுங்கள். வரியைத் தெரிவு செய்ய வேண்டாம், ஓரத்தில் ஒரு சரி அடையாளம் மட்டும் போடுங்கள். எங்கே போடுவது? பேசியவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுச் சொன்ன இடத்தில், குரல் தாழ்ந்த இடத்தில், கேட்டவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்தில். இவை டிரான்ஸ்கிரிப்டில் தெரியாது. ஆச்சியின் பேட்டியில் 41ஆவது நிமிடத்தில் நாலு செக்கன் அமைதி இருக்கிறது. கடதாசியில் அது வெறும் முற்றுப்புள்ளி.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் பத்து நிமிடம் எல்லாரும் தயாரித்த பேச்சைத்தான் பேசுவார்கள். பள்ளிக்கூட விழாவில் சொல்வதுபோல, "அந்த நாள் ஒரு துக்ககரமான நாள்." அந்த வரிகள் பார்வைக்கு மேற்கோள் மாதிரியே இருக்கும், ஆனால் எவர் வாயிலிருந்தும் வந்திருக்கலாம். நல்ல வரி பெரும்பாலும் நீண்ட பதிலின் வாலில் இருக்கும். கதையைச் சொல்லி முடித்து, தனக்குத்தானே சொல்வதுபோல ஒரு வாக்கியம் விழும். அதையே பார்த்திருங்கள்.

கேட்டுக்கொண்டு போகும்போதே டிரான்ஸ்கிரிப்டின் பிழையும் பிடிபடும். எங்களுக்கு அடித்துக் கொடுத்த தம்பி மட்டக்களப்பார் அல்ல. ஆச்சி "மறுகா" என்று சொன்ன இடமெல்லாம் "மறுபடி" என்று அடித்திருந்தார். எங்கள் பேச்சில் மறுகா என்றால் பிறகு. "மறுகா ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது" என்பது பிறகு கொஞ்சம் ஓய்ந்தது என்ற பொருள். "மறுபடி ஓய்ஞ்சிது" என்று எழுதினால் காற்று இரண்டு தடவை ஓய்ந்ததாகிவிடும். "கிறுகி அடிச்சிது" என்பது "இறுகி அடிச்சிது" ஆகியிருந்தது. கிறுகுதல் என்றால் திரும்புதல். காற்று திசை மாறியதைத்தான் ஆச்சி சொல்கிறார். எழுத்துப் பிழையென்றால் வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இவை இரண்டும் சரியான தமிழ்ச் சொற்கள், ஆகவே ஒலியைக் கேட்காமல் எவரும் கண்டுபிடிக்க முடியாது.

கணினியில் வி.எல்.சி. பிளேயர் இருந்தால் `Ctrl+T` அழுத்தி வேண்டிய நேரத்துக்கு நேரே போகலாம். `Shift` உடன் இடது அம்பை அழுத்தினால் மூன்று செக்கன் பின்னால் போகும். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்க அது கைகொடுக்கும்.

## 3. அடையாளம் போட்டவற்றை அட்டவணையில் ஏற்றுங்கள்

எனக்கு 31 அடையாளம் வந்தது. ஒவ்வொன்றையும் அட்டவணையில் எழுதினேன். நேரம், என்ன கேள்விக்குப் பதில், அவர் சொன்னது சொன்னபடி, "அவர்", "அது", "அங்க" என்று வந்தால் யார், எது, எங்கே. வரிக்கு முன்னால் ஒரு வாக்கியத்தையும் பின்னால் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். இது சோம்பலைத் தரும் வேலைதான். ஆனால் நான் சறுக்கிய இடத்தில் இந்த ஒரு பழக்கமே என்னைக் காப்பாற்றியிருக்கும். முன்பின் வாக்கியம் பக்கத்தில் இருந்தால் "நான் அப்பிடி நினைக்கல்ல" என்பது கண்ணை விட்டுத் தப்பாது.

கேள்வி என்ன என்பதை எழுதச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. எங்கள் பேட்டியில் ஒரு இடம் இப்படிப் போகிறது. கேட்டவர்: "அப்ப, ஊர் திரும்ப எழும்பப் பத்து வருசம் போயிருக்கும், என்ன?" ஆச்சி: "ஓம் மனே, போயிருக்கும்." இதை "ஊர் திரும்ப எழும்பப் பத்து வருசம் போயிருக்கும்" என்று ஆச்சி பெயரில் போட்டால் சொற்கள் அவருடையவை அல்ல, கேள்வி கேட்டவருடையவை. பேட்டி எடுப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் இந்தப் பிழை அடிக்கடி வரும், ஏனென்றால் நல்ல வாக்கியங்களை அவரே சொல்லிவிடுவார்.

அட்டவணையில் ஏற்றும்போதே பாதி விழுந்துவிடும். எனக்கு 14 மிஞ்சியது.

## 4. தனியே நிற்குமா என்று பாருங்கள்

பேட்டியைக் கேட்காத ஒருவரைப் பிடியுங்கள். நான் என் தங்கச்சியைப் பிடித்தேன். வரியை மட்டும் வாசித்துக் காட்டி, "ஆரப் பத்திச் சொல்றார்? என்ன நடந்திருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்த வரி தோற்றுவிட்டது.

தமிழில் இந்தச் சோதனை கட்டாயம், ஏனென்றால் நாங்கள் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள். "கடைசி மட்டும் கைய விடல்ல" என்ற வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்கச்சி கேட்டாள், "ஆரு ஆர்ட கைய?" பேட்டியில் அது அயல்வீட்டுப் பெண் ஆச்சியின் இரண்டாவது பிள்ளையின் கையைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஐந்து நிமிடம் முன்னாலிருந்து கேட்டு வந்தவன். ஸ்லைட்டைப் பார்ப்பவர் கணவன் மனைவிக் கதை என்று நினைப்பார்.

இப்படியான வரிக்கு இரண்டு வழி உண்டு. சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லைச் சேர்க்கலாம்: "[பக்கத்து வீட்டுப் புள்ள] கடைசி மட்டும் கைய விடல்ல." அடைப்புக்குள் இருப்பது நீங்கள் சேர்த்தது என்று வாசகருக்கு அது சொல்லும். ஆனால் ஒரு ஸ்லைட்டில் ஒரு அடைப்புக்கு மேல் போட்டால் பொலிஸ் அறிக்கை மாதிரி ஆகிவிடும். மற்ற வழி, இந்த வரியை விட்டுவிட்டு, அவரே ஆள் பெயர் சொல்லித் தொடங்கிய முந்திய வாக்கியத்திலிருந்து எடுப்பது. முடிந்தால் இரண்டாவதைச் செய்யுங்கள். நான் இரண்டு வரிகளை இப்படி மீட்டேன். நாலை மனமில்லாமல் விட்டேன்.

அதே நேரத்தில் ஆண்டு, எண், பெயர் உள்ள வரிகளைத் தனியே சரிபாருங்கள். ஆச்சி 12ஆவது நிமிடத்தில் "எழுவத்தொம்பதுலதான அடிச்சது" என்கிறார். 50ஆவது நிமிடத்தில் எழுபத்தெட்டு என்கிறார். 78 என்பதே சரி. நாலு தசாப்தத்துக்குப் பிறகு பேசுபவருக்கு ஒரு வருடம் தள்ளிப்போவது பேட்டியில் பெரிய குற்றமில்லை. ஸ்லைட்டில் அது மட்டும்தான் தெரியும். மேற்கோள் குறிக்குள் நீங்களே 79ஐ 78 ஆக்கிவிடாதீர்கள், அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகிவிடும். பிழையோடு போடவும் வேண்டாம்; அவரை ஊர் கேலி செய்யும். ஆண்டு இல்லாத வரியை எடுத்து, சரியான திகதியை ஸ்லைட்டின் மூலையில் உங்கள் பொறுப்பில் போடுங்கள்.

## 5. வெட்டுவது: வாக்கியத்தின் வாலைத் தொடாதீர்கள்

பேச்சை அப்படியே போட முடியாது, வெட்டத்தான் வேண்டும். தலையில் வெட்டினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. "அப்ப வந்து", "என்ன சொல்ற", "ம்", தொடங்கி விட்டுவிட்ட அரை வாக்கியம் எல்லாம் தலையில் வருபவை. இவற்றை எடுத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை.

ஆபத்து எல்லாம் வாலில். தமிழ் வாக்கியத்தில் யார் சொன்னது, உண்மையா இல்லையா, கண்டதா கேள்விப்பட்டதா என்ற தீர்ப்பு கடைசியில்தான் வரும். "எண்டு சொன்னாங்க" என்பதை வெட்டினால் பிறர் சொன்னது இவர் சொன்னதாகிவிடும். "எண்டு நினைக்கல்ல" என்பதை வெட்டினால் பொருள் தலைகீழாகும். இன்னும் நுணுக்கமானது ஒன்றுண்டு: "ஆம்". ஆச்சி ஒரு இடத்தில் "அங்கால ஊருல ஒரு வீட்டிலயும் கூரை இல்லையாம்" என்கிறார். அந்த "ஆம்" போய் "கூரை இல்ல" என்று வந்தால் அவர் போய்ப் பார்த்தவராகிறார். அவரோ அன்றைக்கு மேசைக்குக் கீழே இருந்தவர். ஸ்லைட்டில் வரியின் நீளத்தைக் குறைக்க நினைக்கும்போது கை முதலில் போவது இந்த வாலுக்குத்தான், ஏனென்றால் கண்ணுக்கு அது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். "போல", "போலக் கிடக்கு", "எனக்குத் தெரிஞ்ச மட்டும்" எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை. இடையில் ஒரு வாக்கியத்தை முழுதாக எடுத்தால் மூன்று புள்ளி போடுவேன். வாக்கியங்களின் ஒழுங்கை மாற்ற மாட்டேன். வேறு வேறு நிமிடத்தில் சொன்ன இரண்டை ஒரே மேற்கோள் குறிக்குள் ஒட்ட மாட்டேன், எவ்வளவு பொருந்தினாலும்.

ஒரு வரி எப்படி உருவானது என்று முழுதாகக் காட்டுகிறேன். 41ஆவது நிமிடம், ஒலியைக் கேட்டுத் திருத்திய டிரான்ஸ்கிரிப்ட்:

> "அப்ப ராவு... எத்தின மணி எண்டு தெரியா, மணிக்கூடு ஒண்டும் இல்ல. ஓடெல்லாம் பறக்குது. நாங்க இந்த மேசைக்குக் கீழ, நான், அவர், புள்ளையள் மூண்டும். மறுகா ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது. அவர் சொன்னார், சரி, முடிஞ்சிது எண்டு. கதவத் துறந்து வெளிய வந்தம். மறுகாதான்... இந்தப் பக்கத்தால அடிச்சது, கிறுகி அந்தப் பக்கத்தால அடிச்சிது."

இது 39 சொல். ஒரு ஸ்லைட்டுக்கு 15 முதல் 20 சொல் வரைதான் வசதி. முதல் பாதி சூழல். நல்ல காட்சிதான், ஆனால் திருப்பம் பின்பாதியில் இருக்கிறது. ஆகவே "ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது" என்பதிலிருந்து தொடங்கினேன். முதல் வெட்டு இப்படி வந்தது:

> "ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது. முடிஞ்சிது எண்டு கதவத் துறந்து வெளிய வந்தம். மறுகாதான்... கிறுகி அந்தப் பக்கத்தால அடிச்சிது."

படிக்க நன்றாக இருந்தது. தங்கச்சிக்கும் விளங்கியது. ஆனால் இதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டியபோது அவர் தலையாட்டவில்லை. "அவர் சொன்னத்தாலதான் மனே வெளிய வந்தம். அத உடப்படா." கணவர் இப்போது இல்லை. "அவர் சொன்னார்" என்ற இரண்டு சொல்லை நான் நீளத்துக்காக வெட்டியிருந்தேன்; அவருக்கு அந்தக் கதையே அந்த இரண்டு சொல்லில்தான் இருந்தது. இறுதியில் போனது:

> "ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது. அவர் சொன்னார், சரி, முடிஞ்சிது எண்டு. கதவத் துறந்து வெளிய வந்தம். மறுகாதான்... கிறுகி அந்தப் பக்கத்தால அடிச்சிது."

பதினாறு சொல். "அவர்" யார் என்று ஸ்லைட்டின் அடியில் சிறிய எழுத்தில் "அவர்: கணவர்" என்று போட்டோம். காற்று ஏன் ஓய்ந்து திரும்ப அடித்தது என்பதைப் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் சொன்னோம். சூறாவளியின் கண் ஒரு ஊரைக் கடக்கும்போது சிறிது நேரம் காற்று அடங்கும். கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று வரும். இந்த விளக்கத்தை ஸ்லைட்டுக்குள் திணித்தால் ஆச்சியின் குரல் செத்துவிடும்.

## 6. எங்கள் பேச்சை எப்படி எழுதுவது

"எண்டு" என்பதை "என்று" ஆக்குவதா? குழுவில் ஒரு கிழமை சண்டை நடந்தது. என் முடிவு: சொல்லையும் வினைமுடிவையும் தொடக்கூடாது, எழுத்தை மட்டும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ஒரு ஸ்லைட்டில் "ஓய்ஞ்சிது", அடுத்ததில் "ஓய்ஞ்சது" என்று வந்தால் கவனமில்லாத வேலையாகத் தெரியும். ஆகவே ஏழெட்டுச் சொல்லுக்கு ஒரு சிறு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஆச்சி பேச்சைச் செந்தமிழாக்கினால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். சினிமாத் தமிழாக்கினால் அதைவிட மோசம். "அப்புறம்" என்ற சொல்லை எங்கள் ஆச்சிமார் சொல்லி நான் கேட்டதே இல்லை. வெளியூர் வாசகருக்கு "மறுகா", "ஒள்ளுப்பம்", "கிறுகி" விளங்காதே என்றால், குறிப்பில் பொருள் எழுதுங்கள். ஆனால் பேசியவர் தன் பேச்சு அப்படியே வருவதை விரும்பவில்லை என்றால் அவர் சொல்வதே முடிவு. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் "நான் எழுதுற மாதிரித்தான் போடவேணும்" என்றார். அவருக்கு எழுத்துத் தமிழில் மாற்றி, ஒவ்வொரு வரியையும் காட்டி ஒப்புதல் வாங்கினோம்.

## 7. ஸ்லைட்டில் ஏற்றுவது

கேன்வாவின் இலவசக் கணக்கு போதும். அளவு 1080 × 1350. போனில் உயரமாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ். அலங்கார எழுத்துரு வேண்டாம். பலவற்றில் கூட்டெழுத்து உடையும்.

இதில் நேரம் செலவிட வேண்டியது வரியை முறிப்பதில். மென்பொருள் தானாக முறித்தால் இடம் முடிந்த இடத்தில் முறிக்கும், பொருள் முடிந்த இடத்தில் அல்ல. நீங்களே முறியுங்கள். ஒரு வரியில் மூன்று நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். "எண்டு" என்பது தான் சேரும் சொல்லை விட்டுத் தனியே அடுத்த வரிக்குப் போகக்கூடாது. ஆச்சியின் வரி இப்படி நின்றது:

> ஒள்ளுப்பம் ஓய்ஞ்சிது.
>
> அவர் சொன்னார்,
>
> சரி, முடிஞ்சிது எண்டு.
>
> கதவத் துறந்து வெளிய வந்தம்.
>
> மறுகாதான்...
>
> கிறுகி அந்தப் பக்கத்தால அடிச்சிது.

"மறுகாதான்" தனி வரியில் நிற்பதைப் பாருங்கள். 41ஆவது நிமிடத்தின் அந்த நாலு செக்கன் அமைதி அங்கே வருகிறது. ஒலியில் இருந்த இடைவெளியைக் கண்ணுக்குக் கொடுக்க இது ஒரு வழி. வரி நீளமாகிவிட்டது என்று எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்; வேறு வரியைத் தேடுங்கள். முடித்ததும் படத்தை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெளிச்சத்தைக் குறைத்த பழைய போன் ஒன்றில் பாருங்கள். எங்கள் வாசகர்கள் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அடியில் பேசியவர் யார், ஊர், பேட்டியின் எத்தனையாவது நிமிடம் என்று போடுங்கள். நிமிடம் போட்டால் சந்தேகப்படுபவர் நேரே போய்க் கேட்கலாம்.

## 8. காட்டுவதும், அதற்கு எடுக்கும் நாளும்

கேட்டுக்கொண்டு அடையாளம் போட இரண்டு மணித்தியாலம், அட்டவணை ஒன்றரை, வெட்டுவதும் சரிபார்ப்பதும் இரண்டு இரவு, ஸ்லைட் செய்ய ஒரு பின்னேரம். இது என் கணக்கு. இந்த எல்லாவற்றையும்விட நாள் எடுப்பது காட்டுவதுதான். நவம்பரில் எங்கள் பக்கம் மாரி மழை. வீதியில் தண்ணி நின்றால் ஆச்சி வீட்டுக்குப் போக முடியாது, கரண்டும் போகும். 23ஆம் திகதிக்குப் போடுவதென்றால் மாதத் தொடக்கத்திலேயே வரிகள் தயாராக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி "ஓகேயா?" என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளை பார்த்துவிட்டு ஓகே என்று அனுப்பிவிடுவான், ஆச்சி கண்டிருக்கவே மாட்டார். நேரில் போய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள். எதை வெட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதினாலில் எட்டைக் காட்டினேன். ஆச்சி ஒன்றை வேண்டாம் என்றார். அது அயலவர் ஒருவரைப் பற்றியது, அந்தக் குடும்பம் இன்னும் பக்கத்து வளவில் இருக்கிறது. காரணத்தைத் தோண்டவில்லை. ஏழு போனது.

முதலாவது ஸ்லைட்டில் எதைப் போடுவது என்று ஆச்சியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காத்துக்கு ஆரு நல்லவன், அதப் போடு" என்றார்.

போட்ட பிறகு அட்டவணையையும் வெட்டாத ஒலிப்பதிவையும் அழிக்காதீர்கள். மூன்றாம் நாள் ஆச்சியின் மகள் மறுபடியும் போன் எடுத்தார். எனக்கு வயிறு கலங்கியது. வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு அனுப்ப, அப்பாவைப் பற்றி அம்மா சொன்ன துண்டு குரலாக வேண்டுமாம். அட்டவணையில் நேரம் இருந்தது. 00:41:17 இலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி அன்றிரவே அனுப்பினேன்.